பூனையின் வால் ஏன் குச்சி போல ஆடுகிறது: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மதில் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருக்கிறது. வால் மட்டும் சுவரோரமாகக் கீழே தொங்கி, இடமும் வலமுமாக மெல்ல ஆடுகிறது. முப்பரிமாண அனிமேஷன் கற்கத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் கொடுக்கும் பயிற்சி இதுதான். உடம்பு அசையாது, முகபாவம் கிடையாது. ஆடுவது ஐந்து எலும்பு கொண்ட ஒரு வால் மட்டுமே. அந்த ஐந்து எலும்புகளில் வரக்கூடிய பிழைகள் கூந்தல், முந்தானை, யானைத் துதிக்கை, நாய்க்காது என்று தொங்கி ஆடும் எல்லாவற்றிலும் அப்படியே திரும்ப வரும்.

எல்லாரும் ஒரே வாலைப் பற்றிப் பேசுவதற்காக முதலில் அளவுகளை முடிவு செய்துகொள்வோம். வாலின் நீளம் 30 செ.மீ. எலும்புகள் ஐந்து, ஒவ்வொன்றும் 6 செ.மீ. வேகம் வினாடிக்கு 24 ஃபிரேம். வால் வலது கோடியிலிருந்து இடது கோடிக்குப் போய் மீண்டும் வலது கோடிக்கு வர 24 ஃபிரேம் ஆகும். ஒவ்வொரு எலும்புக்கும் ஆட்டத்துக்குரிய ஓர் அச்சில் மட்டும் மூன்று கீ, அதாவது இந்த ஃபிரேமில் இந்தக் கோணம் என்ற பதிவு, வையுங்கள்: 1-ஆம் ஃபிரேமில் வலப்புறம் 12 டிகிரி, 13-ஆம் ஃபிரேமில் இடப்புறம் 12 டிகிரி, 25-ஆம் ஃபிரேமில் மறுபடி வலப்புறம் 12 டிகிரி. மற்ற இரண்டு அச்சுகளைத் தொடவே வேண்டாம். கீகளுக்கு இடையிலான கோடு, கோண மாற்றத்தை வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரில் கோடிகளில் படுத்தும் நடுவில் சரிந்தும் மென்மையான அலையாகத் தெரிய வேண்டும். வலப்பக்கக் கோணத்தைக் கூட்டல் குறியாலும் இடப்பக்கத்தைக் கழித்தல் குறியாலும் எழுதுகிறேன்.

இப்போது ஓடவிட்டுப் பாருங்கள். நீங்கள் காண்பது கீழே சொல்லியிருப்பவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். முதல் அறிகுறியை மட்டும் எல்லாரும் படியுங்கள். மற்றவை அதன்மேல் கட்டியவை.

அறிகுறி: வால் வளைகிறது, ஆனாலும் உயிரில்லாமல் ஒரே துண்டாக ஆடுகிறது

ஐந்து எலும்புகளும் ஒரே ஃபிரேமில் கோடியைத் தொட்டு ஒரே ஃபிரேமில் திரும்புகின்றன. வால் வில்லைப் போல வளைந்திருந்தாலும், எல்லாப் பகுதிகளும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்பதால் கண் அதைக் கெட்டியான பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. விசிறி மட்டையை ஆட்டுவது போல இருக்கும்.

கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்துத் தொங்கவிட்டு, கையை இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். கை திரும்பிவிட்ட பிறகும் கயிற்றின் கீழ்முனை பழைய திசையிலேயே கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் திரும்பும். விசை கையில் பிறந்து, ஒவ்வொரு பகுதியாகக் கீழே இறங்குகிறது. இறங்க நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்தைத்தான் ஓவர்லாப் என்கிறோம். உங்கள் வாலில் அந்த நேரம் இன்னும் இல்லை.

தீர்வு எளிது. உடம்போடு ஒட்டிய முதல் எலும்பான அடி எலும்பை அப்படியே விடுங்கள். இரண்டாம் எலும்பின் மூன்று கீகளையும் சேர்த்துப் பிடித்து 2 ஃபிரேம் பின்னால் தள்ளுங்கள். மூன்றாவதை 4, நான்காவதை 6, நுனி எலும்பை 8. கோணங்களில் கை வைக்க வேண்டாம். நேரம் மட்டுமே மாறுகிறது. தள்ளிய பிறகு நிலை இப்படி இருக்கும்:

```
எலும்பு   வலது   இடது   வலது
1           1      13     25
2           3      15     27
3           5      17     29
4           7      19     31
5           9      21     33
```

அடுத்த அறிகுறியில் சொல்லும்படி வளைகோடுகளைச் சுழலவிட்ட பிறகு, 7-ஆம் ஃபிரேமில் நிறுத்திப் பாருங்கள். அடி எலும்பு சரியாக நடுவில், நேர் கீழே தொங்குகிறது. அது இடப்புறம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் எலும்பு தனக்கு மேலுள்ள பெற்றோர் எலும்பிலிருந்து 6 டிகிரி வலப்புறம் சாய்ந்திருக்கும். மூன்றாவது ஏறத்தாழ 10, நான்காவது முழு 12, ஐந்தாவது மறுபடி 10. ஒவ்வொரு எலும்பும் தனக்கு மேலுள்ளவற்றின் சாய்வையும் சேர்த்துச் சுமப்பதால், நுனி எலும்பு நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 39 டிகிரி வலப்புறம் நோக்கி நிற்கிறது. நுனி இன்னும் 9 செ.மீ. வலப்புறத்தில் இருக்கிறது. அடி நடுவுக்கு வந்துவிட்டது, நுனி வரவில்லை. ஆட்டத்தின் உயிர் முழுவதும் இந்த 9 செ.மீ.யில்தான் இருக்கிறது. தொடக்கக்காரர்கள் எப்போதும் கோடிகளில் உள்ள தோற்றத்தையே சரிபார்க்கிறார்கள். நடுவில் உள்ளதைப் பார்ப்பதில்லை. வால் நன்றாக இருக்கிறதா என்று என்னிடம் யாராவது கேட்டால், நான் முதலில் போவது 7-ஆம் ஃபிரேமுக்குத்தான்.

இதில் பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. நுனி எலும்பின் கீகளை 8 ஃபிரேம் தள்ளினோம். ஆனால் திரையில் நுனி எலும்பு வலப்புறமாக அதிகம் சாய்வது 9-ஆம் ஃபிரேமில் அல்ல, 5-ஆம் ஃபிரேமில். கீகள் சொல்வது, எலும்பு தன் பெற்றோரிடமிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மட்டும்தான். கண் பார்ப்பது ஐந்து எலும்புகளின் கூட்டுத்தொகையை. தாமதங்கள் 0, 2, 4, 6, 8 என்று இருக்க, அவற்றின் சராசரியான 4 ஃபிரேம்தான் நுனியில் தெரிகிறது. கிராஃபில் நிறையத் தள்ளிவிட்டோமே என்ற பயமும், தள்ளியும் போதவில்லையே என்ற ஏமாற்றமும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

அறிகுறி: தள்ளிய பிறகு, ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும் நுனி வெட்டி இழுக்கிறது

கீகளைத் தள்ளியதால் தொடக்கத்தில் வெற்றிடம் உண்டாகிவிட்டது. நுனி எலும்பின் முதல் கீ இப்போது 9-ஆம் ஃபிரேமில் இருக்கிறது. அதற்கு முன்பு என்ன செய்வது என்று மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் முதல் எட்டு ஃபிரேம்களும் +12 டிகிரியில் அப்படியே உறைந்து நிற்கும். சுற்றின் முடிவில் அதே எலும்பு ஏறத்தாழ −6 டிகிரியில் இருக்கும். சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் −6 ஒரே தாவலில் +12 ஆகிறது. 18 டிகிரி தாவல். கண்ணில் படாமல் போகாது.

வளைகோடு முன்னும் பின்னும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும்படி செய்ய வேண்டும். பிளெண்டரில் கிராஃப் எடிட்டரில் எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து `Shift+E` அழுத்தி `Make Cyclic` கொடுங்கள். மாயாவில் கிராஃப் எடிட்டரின் `Curves` பட்டியலில் `Pre Infinity`, `Post Infinity` இரண்டிலும் `Cycle` தேர்ந்தெடுங்கள். பின்பக்கம் மட்டும் கொடுத்துவிட்டு முன்பக்கத்தை மறப்பது மிகச் சாதாரணம். நமக்கு வெற்றிடம் இருப்பதோ முன்பக்கத்தில். இப்படி ஒரு வசதி இல்லாத மென்பொருள் என்றால், தள்ளுவதற்கு முன்பே மூன்று கீகளையும் நகலெடுத்து ஒரு முழுச் சுற்று முன்னால், அதாவது 24 ஃபிரேம் முன்னால் ஒட்டிவிடுங்கள். அதே பலன் கிடைக்கும்.

தாவல் இல்லை, ஆனால் சுற்றுக்கு ஒருமுறை வால் ஒரு நொடிப்பொழுது தயங்குவது போல இருக்கிறது என்றால், ஓடும் எல்லையைப் பாருங்கள். 1-ஆம் ஃபிரேமும் 25-ஆம் ஃபிரேமும் ஒரே தோற்றம். 1 முதல் 25 வரை ஓடவிட்டால் அந்தத் தோற்றம் அடுத்தடுத்து இரண்டு முறை காட்டப்படுகிறது. 1 முதல் 24 வரை மட்டும் ஓடவிடுங்கள். கீ 25-இலேயே இருக்கட்டும்.

அறிகுறி: வால்தான் பூனையை இழுத்துக்கொண்டு போவது போல இருக்கிறது

கீகளைத் தவறான பக்கம் தள்ளிவிட்டீர்கள். நுனி முன்னால் போகிறது, அடி பின்தொடர்கிறது. 7-ஆம் ஃபிரேமில் நிறுத்தி, அடி எலும்பு இடப்புறம் போகும்போது நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் இருந்தால் தள்ளிய திசை தவறு.

எரிச்சலில் இருக்கும் பூனை உடம்பை அசைக்காமல் நுனியை மட்டும் வெடுக்கென்று சொடுக்கும். அங்கே விசை நுனியின் தசையிலேயே பிறக்கிறது. நுனி முந்துவது நியாயம்தான். ஆனால் அது வேறு நடிப்பு. ஓய்வாகத் தொங்கும் வாலில் அதைக் கலக்காதீர்கள்.

அறிகுறி: வால் பாம்பு போல நெளிகிறது, எந்தப் பக்கமும் ஆடுவதாகத் தோன்றவில்லை

ஓவர்லாப் பிடித்துப்போன உற்சாகத்தில், கொஞ்சம் தள்ளினால் நன்றாக இருக்கிறதே, இன்னும் தள்ளுவோம் என்று போகும்போது வருவது இது. ஒவ்வொரு எலும்புக்கும் 4 ஃபிரேம் தள்ளியிருப்பார்கள். ஒவ்வொரு எலும்பும் அதே 12 டிகிரி ஆடுகிறது. ஆனாலும் வாலின் ஆட்டம் செத்துப்போகிறது. ஏன் என்று புரிந்துகொண்டால் இந்தப் பிழை பிறகு ஒருபோதும் வராது.

எலும்புகளின் கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன என்று பார்த்தோம். எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் 12-ஐ ஐந்தால் பெருக்கி 60 டிகிரி. தாமதம் கூடக் கூட, ஒரு எலும்பு வலப்புறம் சாயும்போது இன்னொன்று இடப்புறம் சாய்ந்து அதை அழிக்கத் தொடங்குகிறது. 24 ஃபிரேம் சுற்றில் நுனி எலும்பின் மொத்தச் சாய்வு எந்த அளவுக்குப் போகும் என்று கணக்கிட்டால் இப்படி வருகிறது:

```
எலும்புக்கு எலும்பு தாமதம்    நுனியின் உச்சச் சாய்வு
0 ஃபிரேம்                    60°
1 ஃபிரேம்                    56°
2 ஃபிரேம்                    45°
3 ஃபிரேம்                    29°
4 ஃபிரேம்                    12°
```

நான்கு ஃபிரேம் தாமதத்தில் அடி எலும்பும் நுனி எலும்பும் ஒரே அளவு, வெறும் 12 டிகிரிதான் சாய்கின்றன. முதல் எலும்பும் நான்காவதும், இரண்டாவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. மிஞ்சுவது வாலின் வழியாக இறங்கிக்கொண்டிருக்கும் ஓர் அலை மட்டும். பாம்பு நகர்வதும் மீன் நீந்துவதும் அப்படித்தான். தொங்கும் வாலுக்கு அது பொருந்தாது.

நான் கைக்கொள்ளும் அளவு இது: அடி எலும்புக்கும் நுனி எலும்புக்கும் இடையே மொத்தத் தாமதம் ஒரு சுற்றின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 24 ஃபிரேம் சுற்றுக்கு 8. ஐந்து எலும்புகளுக்கு நடுவில் நான்கு இடைவெளி, ஆளுக்கு 2. இதே வாலில் பத்து எலும்புகள் இருந்தால் ஒன்பது இடைவெளி. அப்போது ஆளுக்கு 2 என்று தள்ளினால் மொத்தம் 18 ஆகி வால் நெளிந்துவிடும், ஆளுக்கு 1 ஃபிரேம்கூட ஒரு நூல் அதிகம். "ஒவ்வொரு எலும்பையும் இரண்டு ஃபிரேம் தள்ளு" என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கும் விதி, எத்தனை எலும்பு, எவ்வளவு நீளச் சுற்று என்று பார்க்காமல் எடுத்தால் பல நேரம் பொய்த்துப்போவது இதனால்தான். சுற்றை 12 ஃபிரேமாக வேகப்படுத்தினாலும் இதே கதைதான்: கீகளை மட்டும் நெருக்கிவிட்டுத் தாமதத்தைப் பழையபடி விட்டால், நேற்று அழகாக ஆடிய வால் இன்று நெளியும். வேகத்தை மாற்றும்போது தாமதத்தையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள்.

சில மென்பொருள்களில் அரை ஃபிரேம், கால் ஃபிரேம் என்றுகூட வளைகோட்டைத் தள்ள முடியும். கீகள் முழு எண்ணில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பத்து எலும்பு வாலுக்கு அது மிக உதவும்.

அறிகுறி: ஆட்டம் சரியாக இருக்கிறது, ஆனால் எங்கோ ஓரிடத்தில் உறுத்துகிறது

இங்கேதான் வில்வளைவு, அதாவது ஆர்க், வருகிறது. இந்த உறுத்தலை நீங்கள் கண்டுபிடிக்கும் முன்பே பார்ப்பவரின் கண் கண்டுபிடித்துவிடும். எங்கே என்று அவரால் சொல்ல முடியாது, அவ்வளவுதான். வாலைப் பார்த்துக்கொண்டே தேடினால் கிடைக்காது. நுனி போகும் தடத்தைத் திரையில் வரைய வேண்டும். பிளெண்டரில் இதற்கு `Motion Paths`, மாயாவில் `Editable Motion Trail`. பிளெண்டரில் வரையும்போது `Heads` என்பதற்குப் பதிலாக `Tails` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நுனி எலும்பின் மேல்முனையின் தடம்தான் கிடைக்கும். கீயை மாற்றிய ஒவ்வொரு முறையும் `Update Paths` அழுத்தவும் மறக்காதீர்கள். பழைய தடத்தைப் பார்த்துக்கொண்டு புதிய கீகளைத் திருத்திக்கொண்டிருந்து, ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இழந்தவர்களை நான் அறிவேன்.

சரியான தடம் எப்படி இருக்கும்? தாமதம் கொடுப்பதற்கு முன்பு, நுனி ஒரே கோட்டில் போய் அதே கோட்டில் திரும்பி வரும். தொட்டிலின் அடிப்பாகம் போல ஒரு வளைவு. தாமதம் கொடுத்த பிறகு போகும் வழியும் வரும் வழியும் பிரிந்துவிடும். கிடையாகப் படுத்த எட்டு, ∞ போன்ற ஒரு கண்ணி, மெலிந்து இருபுறமும் சற்று மேலே வளைந்து தெரியும். வலப்புறம் உள்ள வளையமும் இடப்புறம் உள்ள வளையமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும், ஏனென்றால் 13-ஆம் ஃபிரேமில் எல்லாக் கோணங்களும் 1-ஆம் ஃபிரேமுக்கு நேரெதிர். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தால், ஏதோ ஓர் எலும்பில் இடது கீயின் மதிப்போ இடமோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

தடத்தின் மேல் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு புள்ளி இருக்கும். கோடிகளில் புள்ளிகள் நெருங்கியும் நடுவில் விலகியும், அந்த மாற்றம் படிப்படியாகவும் இருக்க வேண்டும். புள்ளிகளை இணைத்து மனத்துக்குள் ஒரு கோடு இழுங்கள். எந்தப் புள்ளி கோட்டிலிருந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதோ, எங்கே இரண்டு நெருங்கிய புள்ளிகளுக்குப் பிறகு திடீரென்று பெரிய இடைவெளி வருகிறதோ, அந்த ஃபிரேம்தான் உறுத்துகிறது.

ஃபிரேம் கிடைத்துவிட்டது, எந்த எலும்பு? ஐந்து எலும்புகளின் முனைகளுக்கும் ஐந்து தடங்களை வரையுங்கள். இரண்டாம் எலும்பில் உள்ள பிழை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆகிய எல்லாத் தடங்களிலும் தெரியும், கீழே போகப் போகப் பெரிதாகத் தெரியும்; முதல் தடத்தில் மட்டும் தெரியாது. ஆகவே மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதன்முதலில் எந்தத் தடத்தில் முடிச்சு தோன்றுகிறதோ அந்த எலும்புதான் குற்றவாளி. நுனியில் பெரிதாகத் தெரிகிறதே என்று நுனி எலும்பில் கீ வைத்துச் சரிசெய்யப் போவது மிகப் பெரிய தவறு. அந்த ஒரு ஃபிரேமில் தடம் சரியாகிவிடும், ஆனால் பிழை இரண்டாம் எலும்பில் அப்படியே இருக்கும். பக்கத்து ஃபிரேம்களில் புதிய முடிச்சுகள் முளைக்கும். அவற்றுக்கு மேலும் கீகள் வைப்பீர்கள்.

என்னிடம் ஒரு மாணவர் கொண்டுவந்த வாலை அப்படியே சொல்கிறேன். 8-ஆம் ஃபிரேமில் நுனி உள்நோக்கிக் குத்தியது. அதைச் சரிசெய்ய நான்காம், ஐந்தாம் எலும்புகளில் 7, 8, 9 என்று ஆறு கீகளைச் சேர்த்திருந்தார். வால் நடுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் அந்த ஆறு கீகளையும் அழித்தோம். ஐந்து தடங்களையும் வரைந்தோம். முதல் இரண்டு தடங்களும் சுத்தமாக இருந்தன. மூன்றாவதில் 8-ஆம் ஃபிரேமில் ஒரு சிறு முடிச்சு. கிராஃபில் மூன்றாம் எலும்பைத் திறந்தால், 5-ஆம் ஃபிரேமில் வலது கீ, 17-இல் இடது கீ, இவற்றுக்கு நடுவே 8-இல் ஒரு வேண்டாத கீ. ஏதோ ஒரு நேரத்தில் தோற்றத்தைச் சோதித்தபோது தானாகக் கீ வைக்கும் வசதி பதிந்துவிட்டுப் போனது. அதன் மதிப்பு 12 டிகிரி. அதாவது 5 முதல் 8 வரை அந்த எலும்பு நகராமல் நின்று, பிறகு அவசரமாக ஓடிப்போய் மற்றவற்றைப் பிடித்தது. ஒரே ஒரு கீயை அழித்தோம். வால் குணமாகிவிட்டது.

வேண்டாத கீ இல்லாமலும் முடிச்சு வந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் கீயின் கைப்பிடி உடைந்து, கோடு அங்கே மூலையாகத் திரும்பியிருக்கலாம். கைப்பிடியை மீண்டும் படுக்கவைத்து மென்மையாக்குங்கள். கிராஃபில் ஒரு கோடு செங்குத்துச் சுவர் போலப் பாய்ந்து 180 டிகிரியிலிருந்து −180-க்குப் போயிருக்கலாம்; இரண்டும் ஒரே திசைதான் என்றாலும் நடுவில் எலும்பு ஒரு முழுச் சுற்று சுழன்றுவிடும். பிளெண்டரிலும் மாயாவிலும் இதைச் சரிசெய்ய `Euler Filter` இருக்கிறது. ஓர் அச்சில் மட்டும் கீ வைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் வராது. தொடக்கத்தில் மற்ற அச்சுகளைத் தொட வேண்டாம் என்று சொன்னது இதற்காகவும்தான்.

மூன்றாவது காரணம் தடம் வளையாமல் நேர்கோடாகப் போவது. நுனியில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளியை இழுத்து மொத்த வாலையும் ஆட்டும் ஐகே முறையில் வாலின் எலும்புக் கட்டமைப்பான ரிக் இருந்தால், இரண்டு கீகளுக்கு இடையே அந்தப் புள்ளி குறுக்குவழியில் நேராகப் போகும்; வால் நடுவில் சுருங்கிவிடும். எலும்புகளைச் சுழற்றி ஆட்டும் எஃப்கே முறையில் இந்தத் தொல்லையே இல்லை, ஏனென்றால் ஓரிடத்தில் மாட்டிய குச்சி சுழன்றால் அதன் முனை வட்டத்தில்தான் போக முடியும். ஆடும் வாலுக்கு எஃப்கே-க்கு மாறிவிடுங்கள்.

அறிகுறி: பூனை வால் சரி, அதையே மாட்டுக்குப் போட்டால் பொம்மை மாடு போல இருக்கிறது

நேரம் தவறு. தானாகத் தொங்கி ஆடும் பொருளின் ஆட்ட நேரத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகும். ஒரே சீரான 30 செ.மீ. குச்சி ஒரு முனையில் தொங்கி ஆடினால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.9 வினாடி, அதாவது 22 ஃபிரேம். நம் 24 அதற்கு மிக அருகில் இருப்பதால்தான் பூனையின் வால் இயல்பாகத் தோன்றியது. ஒரு மீட்டர் நீளமுள்ள மாட்டு வாலுக்கு அதே கணக்கு 1.6 வினாடி, 39 ஃபிரேம். அதை 24-இல் ஆட்டினால் பார்ப்பவர் மாட்டைச் சிறியதாக எண்ணிக்கொள்கிறார். ஈ ஓட்டும் மாடு தசையால் வீசும்போது வால் இதைவிட வேகமாகப் போகும். இந்த எண் ஓய்வாக ஆடும் வாலுக்கு மட்டும். சுற்றை 39 ஆக்கினால் தாமதத்தை எலும்புக்கு 3 ஃபிரேமாக உயர்த்துங்கள்.

அறிகுறி: பூனை நகர்ந்து நின்றதும் வாலும் சட்டென்று நின்றுவிடுகிறது, அல்லது தவறான பக்கம் போகிறது

பூனை மதில் மேல் வலப்புறமாக ஓரடி நகர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 5-ஆம் ஃபிரேமில் கிளம்பி 20-இல் நிற்கிறது. வால் அதுவரை நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது வால் பின்தங்கி இடப்புறம் சாயும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. நிற்கும்போதுதான் தடுமாறுகிறார்கள்: சாய்ந்த வாலை அப்படியே நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். பஸ் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால்தான் சாய்கிறார். வாலும் இடுப்பு நின்ற பிறகு போன திசையிலேயே, வலப்புறமாக, முன்னால் போக வேண்டும். பிறகு திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்க வேண்டும். அடி எலும்புக்கு நான் வைக்கும் கீகள் இவை:

```
ஃபிரேம்   கோணம்
5           0
12         −8
22         +8
30         −5
38         +3
46         −1
54          0
```

முன்னால் போகும் உச்சம் 22-இல், இடுப்பு நின்று இரண்டு ஃபிரேம் கழித்து வருகிறது. அதன் பிறகு 8, 5, 3, 1 என்று கோணம் குறைகிறது, ஆனால் இடைவெளி எப்போதும் 8 ஃபிரேமாகவே இருக்கிறது. அடங்கும்போது ஆட்டம் சிறுத்துக்கொண்டே போகும், நேரம் அப்படியே இருக்கும். சிறிய கோணங்களில் ஊசலின் இயல்பு அது. கோணத்தோடு நேரத்தையும் சுருக்கினால் வால் கடைசியில் ரப்பர் பேண்ட் போல அதிரும். நேரத்தை நீட்டினால் தண்ணீருக்குள் இருப்பது போல மிதக்கும்.

இங்கே ஒரு முழுச் சுற்று 16 ஃபிரேம், முந்தைய ஆட்டத்தைவிட வேகம், ஏனென்றால் நகர்ந்து நிற்கும் பூனை வாலைத் தசையால் சற்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே 2 ஃபிரேம் தாமதம் இதற்கு அதிகம்: நான்கு இடைவெளிக்கு 8, பாதிச் சுற்று. 16-இல் மூன்றில் ஒரு பங்கு 5 ஃபிரேம்தான். அடி எலும்பின் கீகளை மற்ற நான்கிலும் நகலெடுத்து, எலும்புக்கு 1 ஃபிரேம் மட்டும் தள்ளுங்கள். இதைச் சுழல வைக்க வேண்டியதில்லை. 5-ஆம் ஃபிரேமுக்கு முன்பு எல்லாம் பூஜ்யத்தில் நிற்பதால் தொடக்கத்தில் வெற்றிடமும் தெரியாது. அடி எலும்பு 54-இல் அடங்குகிறது, நுனி 58-இல்.

நுனியின் தடத்தை 20 முதல் 58 வரை வரைந்து பாருங்கள். நின்ற இடத்துக்குக் கீழே ஒன்றுக்குள் ஒன்றாக, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக வளைவுகள் அடுக்கியிருக்க வேண்டும். ஏதாவது ஒன்று தன் வெளி வளைவைத் தாண்டி எட்டிப்பார்த்தால், அந்தக் கீயின் கோணத்தை ஒரு டிகிரி குறையுங்கள்.